பேஸ் வரி மட்டும் நினைவில் நின்ற ஒரு கொயர் பாடலைத் தேடிக் கண்டுபிடித்த விதம்

சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என மேலிருந்து கீழாக நான்கு குரல்கள் பாடும் கொயரில் ஆல்ட்டோவோ பேஸோ பாடியவரின் நினைவும், அதே பாடலை அரங்கில் அமர்ந்து கேட்டவரின் நினைவும் வெவ்வேறானவை. கேட்டவரின் மனத்தில் பாடலின் மெட்டு தங்குகிறது; அந்த மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவின் கையில் இருக்கிறது. பாடியவரின் மனத்திலோ ஒத்திகைதோறும் திரும்பத் திரும்பப் பாடிய தன் வரியே ஆழமாகப் பதிகிறது. மற்ற மூன்று குரல்களும் அதன் பின்புலமாக மங்கிப் போகின்றன. ஆண்டுகள் கழித்து அந்தப் பாடலின் பெயரை மறந்துவிட்டுத் தேடப் புறப்படும்போதுதான் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது தெரியவருகிறது. முணுமுணுத்தால் பாடலைக் கண்டுபிடித்துத் தரும் கைப்பேசி வசதிகள், சுரங்களை உள்ளிட்டுத் தேடும் தளங்கள், பாடல் நூல்களின் பிற்சேர்க்கையில் உள்ள மெட்டு அகரவரிசைகள் ஆகிய அனைத்தும் மெட்டைக் கேட்கின்றன. நம்மிடம் இருப்பது மெட்டின் அடியில் நகர்ந்த ஒரு வரி.

நான் தேடிய பாடல் பல குழுக்கள் சேர்ந்து பாடிய ஒரு நிகழ்ச்சிக்காகக் கற்றுக்கொண்டது. இசைத்தாள்கள் நிகழ்ச்சி முடிந்தவுடன் திரும்பப் பெற்றுக்கொள்ளப்பட்டன. பாடலின் பெயரோ இயற்றியவர் பெயரோ நினைவில் இல்லை. அது லத்தீன் மொழிப் பாடல் என்பதும், பக்கவாத்தியம் இன்றிப் பாடினோம் என்பதும், மிகச் சிறியது என்பதும் உறுதியாகத் தெரிந்தன. பேஸ் வரியை ஓரளவு தொடர்ச்சியாகப் பாட முடிந்தது. சொற்களில் சில துணுக்குகள் மட்டும் எஞ்சியிருந்தன.

முதலில் செய்ய வேண்டியது எந்தப் பதிவையும் கேட்பதற்கு முன்னால் நினைவில் உள்ளதை ஒலிப்பதிவு செய்துவைப்பதே என்று நான் கருதுகிறேன். கீழ்க்குரல் வரிகளின் நினைவு எளிதில் வளையக்கூடியது. நம் ச, ம, ப போன்ற டோ, ஃபா, சோ ஆகிய மேற்கத்தியச் சுரங்களைச் சுற்றி நகரும் பேஸ் வரி எண்ணற்ற பாடல்களோடு ஏறத்தாழப் பொருந்திவிடும். ஐந்தாறு பாடல்களைக் கேட்டுக்கொண்டே உடன் பாடிப் பார்த்தால், ஆறாவது பாடலின் பேஸ் வரி நம் பழைய நினைவின் இடத்தில் அமர்ந்துகொள்ளும். பிறகு எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய வழியில்லை. எனவே நினைவில் உள்ள வரியைச் சொற்களோடும், சொற்கள் இல்லாத இடங்களில் உயிரொலிகளோடும் பாடிப் பதிவு செய்தேன். சில நாள் கழித்து, முந்தைய பதிவைக் கேட்காமல், மீண்டும் பாடிப் பதிவு செய்தேன். இரண்டு பதிவுகளிலும் ஒரே மாதிரி வந்த பகுதிகளை நம்பத்தக்கவை என்றும், மாறுபட்ட பகுதிகளை ஐயத்திற்குரியவை என்றும் பிரித்துக்கொண்டேன். சுருதி இரண்டு பதிவுகளிலும் ஒன்றாக இல்லை, அது பொருட்டன்று. குழுக்கள் தங்கள் குரல் வசதிக்கேற்பச் சுருதியை ஏற்றியும் இறக்கியும் பாடுவது வழக்கம் என்பதால், டோவிலிருந்து கணக்கிட்ட சுர உறவுகள்தாம் தேடலுக்கு உதவும்.

அந்தப் பதிவில் நான் பாடாமல் இருந்த இடங்களையும் சேர்த்துக்கொண்டேன். கீழ்க்குரல் பாடியவர்களிடம் உள்ள மிக உயர்ந்த தடயம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மெட்டைப் பாடியவர் தொடர்ந்து பாடிக்கொண்டே இருப்பார். ஆல்ட்டோவும் பேஸும் காத்திருப்பார்கள், தனியாக நுழைவார்கள், மற்றவர்களுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரே சொல்லைச் சொல்வார்கள். இந்தக் காத்திருப்புகளும் நுழைவுகளும் பாடலின் கட்டமைப்பைக் காட்டிக்கொடுப்பவை. ஒரு சுரத்தைத் தவறாக நினைவில் வைத்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் எங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நடத்துநரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை உடல் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

என் பதிவிலிருந்து இவ்வகையில் தேறியவை பின்வருமாறு. பாடல் நான்கு குரல்களும் ஒன்றாக, அமைதியாக, நீண்ட சுரங்களில் தொடங்கியது. பிறகு ஒரு நீண்ட சொல்லைப் பேஸ் முதலில் எடுத்துக்கொடுக்க, மற்ற குரல்கள் பின்தொடர்ந்தன. அதே வடிவம் உடனே சற்று உயர்ந்த சுரத்தில், உரத்த குரலில் மீண்டும் வந்தது. அதற்குப் பின் பேஸுக்கு நெடிய ஓய்வு. அந்த நேரத்தில் மேலிருந்த மூன்று குரல்களும் அரைச்சுரம் அரைச்சுரமாக நகரும் ஏதோ ஒன்றை மெல்லப் பாடிக்கொண்டிருந்தன. பின்னர் தொடக்கப் பகுதி திரும்பி வந்தது. முடிவுக்குச் சற்று முன்னால் அனைவரும் ஒருசேர நின்றோம், முழு அமைதி, அதன் பிறகு கடைசிச் சொற்கள் மிக மெதுவாக வந்தன.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு சுரங்களுக்கு வந்தேன். இங்கே பேஸுக்கும் ஆல்ட்டோவுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நான்குகுரல் பாடலின் கடைசிச் சுரத்தில் பேஸ் ஏறத்தாழ எப்போதும் டோவில் வந்து நிற்கும். ஆகவே பேஸ் வரியின் கடைசிச் சுரத்தை டோ என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எழுதினால் முழு வரியும் ஒழுங்காக அமையும். ஆல்ட்டோ அப்படி இல்லை; அது மியிலோ சோவிலோ டோவிலோ முடியலாம். மியில் முடிந்த ஆல்ட்டோ வரியின் கடைசிச் சுரத்தை டோ என்று எண்ணி எழுதத் தொடங்கினால், மேஜர் பாடல் ஒன்று இன்னதென்று புரியாத வேறொரு சாயலில் தோன்றும். அந்தச் சுரங்களை எந்தத் தளத்தில் உள்ளிட்டாலும் பயனற்ற விடைகளே கிடைக்கும். ஆல்ட்டோ பாடியவர்கள் கடைசிச் சுரத்தை நீட்டிப் பாடிக்கொண்டே, கீபோர்டில் அதற்குக் கீழே மேஜர் கோர்டை மூன்று விதமாக வைத்துப் பார்க்க வேண்டும்: ஆல்ட்டோவின் சுரம் டோவாக இருக்கும் கோர்டு, மியாக இருக்கும் கோர்டு, சோவாக இருக்கும் கோர்டு. மைனர் பாடலாகத் தோன்றினால் மைனர் கோர்டுகளையும் அவ்வாறே வைத்துப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்று ‘இதுதான் நாங்கள் முடித்த ஒலி’ என்று ஐயமின்றிப் படும்.

பேஸ் வரியைக் கொண்டு மெட்டை மீட்கவும் ஓரளவு முடியும். இடக்கையால் பேஸ் சுரத்தையும் வலக்கையால் அதன் மேல் அமையக்கூடிய கோர்டையும் வாசித்துக்கொண்டே, பேஸைப் பாடாமல் கேட்க வேண்டும். அத்தனை ஒத்திகைகளில் சொப்ரானோவின் குரல் நம் காதிலும் விழுந்திருக்கிறது. நாம் பாடிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை என்பதே உண்மை. என் சொந்தப் பதிவை ஓடவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மேலே என்ன ஒலித்தது என்று கவனித்தபோது, தொடக்க வரியின் மெட்டு முழுமையாக இல்லாவிட்டாலும், அது எங்கே ஏறி எங்கே இறங்கியது என்பது வந்துவிட்டது. உடன் பாடிக்கொண்டே முயன்றால் இது வருவதில்லை. நம் குரல் மற்றதை மறைத்துவிடுகிறது.

இந்த மெட்டைக் கொண்டு முணுமுணுப்புத் தேடலையும் முயன்று பார்த்தேன். கூகுள் 2020ஆம் ஆண்டில் கொண்டுவந்த அந்த வசதி, நாம் முணுமுணுப்பதை ஒரு மெட்டின் ஏற்ற இறக்கமாக மாற்றி, பதிவுகளின் மெட்டுகளோடு ஒப்பிடுகிறது. பேஸ் வரியைப் பாடினால் தொடர்பற்ற பாடல்கள் வந்ததில் வியப்பில்லை. ஒப்பிடுவதற்கு எதிர்ப்பக்கத்தில் பேஸ் வரி இல்லை. மீட்ட மெட்டைப் பாடியபோதும் விடை கிடைக்கவில்லை. நீண்ட சுரங்களில் மெல்ல நகரும் பாடல்களில் மெட்டின் அசைவு மிகக் குறைவு; பிடித்துக்கொள்ளக் கூர்மையான முனை எதுவும் இராது. இத்தகைய பாடல்களுக்குச் சுரத்தை விடச் சொல்லே நல்ல வழி என்று முடிவு செய்தேன்.

சொற்களில் எஞ்சியவை மூன்று துணுக்குகள். தொடக்க வரியில் ‘தேயோ’ என்ற ஒலி. அந்த வரி முடியும் இடத்தில் ‘ஃபாக்துஸ் எஸ்த்’. பேஸ் எடுத்துக்கொடுக்கும் நீண்ட சொல்லின் இறுதியில் ‘பிலே’ என்பது போன்ற ஒலி. லத்தீன் பக்திப் பாடல்களில் தேயோ என்பது கடவுளைக் குறிக்கும் சொல்லின் ஒரு வடிவம். அதைத் தனியாகத் தேடுவதில் பயனில்லை. எனவே ‘ஃபாக்துஸ் எஸ்த்’ என்பதிலிருந்து தொடங்கினேன்.

முதலில் எதிர்ப்பட்டது ‘கிறிஸ்துஸ் ஃபாக்துஸ் எஸ்த்’. புனித வியாழனுக்குரிய இந்தப் பாடத்திற்குப் பலர் இசையமைத்திருக்கிறார்கள். ஆன்டன் புரூக்னர் 1884இல் அமைத்த பாடல் கொயர்களிடையே பெயர் பெற்றது. ஆனால் அந்தப் பாடத்தில் இச்சொற்கள் தொடக்கத்திலேயே வருகின்றன. என் நினைவில் அவை வரி முடிந்து பேஸ் டோவுக்கு வந்து சேரும் இடத்தில் இருந்தன. என் பாடல் மேஜரில் தொடங்கி மேஜரில் முடிந்தது. புரூக்னரின் அந்தப் பாடலோ மைனரில் அமைந்தது. இவ்விரண்டு காரணங்களால் அதை ஒதுக்கினேன்.

அடுத்து வந்தது அதைவிட வலுவான வேட்பாளர். திருப்பலியின் விசுவாசப் பிரமாணமான கிரேதோவில் ‘எத் ஓமோ ஃபாக்துஸ் எஸ்த்’ என்ற வரி உண்டு. அங்கே அந்தச் சொற்கள் வரியின் முடிவிலேயே வருகின்றன. ‘தேயும் தே தேயோ’ என்ற தொடரும் அதே பாடத்தில் இருக்கிறது. ‘பிலே’ என்று நான் நினைத்தது ‘இன்விசிபிலியும்’ என்ற சொல்லின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். மூன்று துணுக்குகளும் ஒரே பாடத்தில் கிடைத்துவிட்டதால், இங்கேயே நின்று நூற்றுக்கணக்கான திருப்பலி இசைகளுக்குள் தேடத் தொடங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் காத்தவை அந்தப் பழைய ஒலிப்பதிவுகளே.

அவற்றைத் திரும்பக் கேட்டபோது இரண்டு சிறு விவரங்கள் தெளிவாக இருந்தன. இரண்டு பதிவுகளிலும் ‘பிலே’ என்பதற்கு முன்னால் நான் ‘மா’ என்று வாயைத் திறந்து பாடியிருந்தேன். ‘இன்விசிபிலியும்’ என்ற சொல்லில் அந்த இடத்தில் இகரம்தான் வரும். உயிரொலிகளைப் பாடகரின் வாய் நன்றாக நினைவில் வைத்திருக்கும், ஏனெனில் ஒத்திகையில் நடத்துநர் ஓயாமல் திருத்துவது உயிரொலிகளைத்தான். மெய்யொலிகளில் என் நினைவை நான் அவ்வளவு நம்புவதில்லை. இரண்டாவதாக, ‘தேயோ’ என்பதற்கு முன்னால் ஒரு குறுகிய ‘ஆ’ இருந்தது. மேலும் ‘தேயோ’ முடிந்தவுடன் இடையில் வேறு சொல் எதுவும் இன்றி ‘ஃபாக்துஸ் எஸ்த்’ வந்தது. கிரேதோவில் இவ்விரண்டுக்கும் இடையே பல வரிகள் இருக்கின்றன.

ஆகவே மூன்று துணுக்குகளைத் தனித்தனியாகத் தேடுவதை விட்டுவிட்டு, நினைவில் இருந்த வரிசையிலேயே ஒரே தொடராக, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினேன்:

```
"a Deo factus est"
```

விடை உடனே வந்தது. ‘லோகுஸ் இஸ்தே ஆ தேயோ ஃபாக்துஸ் எஸ்த்’ என்பது ஆலய அர்ப்பணிப்புத் திருப்பலிக்குரிய பாடம். இந்த இடம் கடவுளால் உண்டாக்கப்பட்டது என்பது அதன் பொருள். அடுத்த வரி ‘இனெஸ்திமாபிலே சாக்ரமெந்தும்’. நான் தேடிய ‘மாபிலே’ அங்கே இருந்தது. மூன்றாவது வரி ‘இர்ரெப்ரெஹென்சிபிலிஸ் எஸ்த்’. அதில் ஒரு சொல்லும் என் நினைவில் இல்லை. அதற்கான காரணம் பின்னர் விளங்கியது.

பாடம் கிடைத்ததும் பாடல் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒரே லத்தீன் பாடத்திற்குப் பல நூற்றாண்டுகளாகப் பலர் இசையமைத்திருப்பார்கள். காப்புரிமை முடிந்த கொயர் இசைத்தாள்களைத் திரட்டி வைத்திருக்கும் சிபிடிஎல் என்ற தளம், cpdl.org என்ற முகவரியில் உள்ளது, இந்த இடத்தில் மிகவும் உதவியது. அதில் பாடத்தின் பெயரைக் கொண்டு தேடினால், அந்தப் பாடத்திற்கு இசையமைத்தவர்களின் பட்டியல் கிடைக்கும். பாடலின் பெயரைத் தமிழ் ஒலிப்பின்படி எழுதாமல் `Locus iste` என்று லத்தீன் எழுத்துக்கூட்டில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும்.

பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் சுரங்களை ஒப்பிடவில்லை. காத்திருப்புகளை ஒப்பிட்டேன். இசைத்தாளைத் திறந்தவுடன் பேஸ் வரியை மட்டும் கண்ணால் ஓட்டிப் பார்த்து, நடுப்பகுதியில் நெடிய ஓய்வு இருக்கிறதா என்று பார்ப்பது சில நொடிகளில் முடியும் வேலை. இசைத்தாளைச் சரளமாகப் படிக்கத் தெரியாதவரும் ஓய்வுக் குறிகளின் வரிசையை அடையாளம் காணலாம். பேஸ் இடைவிடாமல் பாடும் அமைப்புகள் அனைத்தும் இதனால் விலகிவிட்டன. ஒன்றையொன்று பின்பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்கள் நுழையும் பழைய பாணி அமைப்புகளும் விலகின, ஏனெனில் என் பாடல் அனைவரும் ஒன்றாகத் தொடங்கியது.

நிலைத்து நின்றது புரூக்னரின் அமைப்பு. அவர் இதை 1869இல், லின்ஸ் நகரத்தின் புதிய பேராலயத்தைச் சேர்ந்த ஒரு சிற்றாலயத்தின் அர்ப்பணிப்புக்காக, பக்கவாத்தியமற்ற நான்கு குரல்களுக்கு, சி மேஜரில் எழுதினார். ‘இனெஸ்திமாபிலே’ என்ற சொல்லைப் பேஸ் தொடங்கிவைக்கிறது. மற்ற குரல்கள் பின்தொடர்கின்றன. அது மீண்டும் உயர்ந்து வருகிறது. ‘இர்ரெப்ரெஹென்சிபிலிஸ்’ பகுதியில் பேஸ் முற்றிலும் ஓய்ந்திருக்க, மேலுள்ள மூன்று குரல்களும் அரைச்சுரங்களில் நகர்கின்றன. அந்தச் சொல்லை நான் பாடியதே இல்லை. ஆகவேதான் அதில் ஒரு அசையும் என் நினைவில் தங்கவில்லை. பிறகு தொடக்கம் திரும்புகிறது. இறுதிக்கு முன்னால் எல்லாக் குரல்களுக்கும் பொதுவான அந்த அமைதியும் இருக்கிறது.

இந்த அளவு பொருத்தத்திற்குப் பின்னும் காதால் ஒரு முறை சரிபார்த்தேன். சிபிடிஎல் தளத்தில் பல பாடல்களுக்கு இசைத்தாளோடு மிடி கோப்பும், சிலவற்றுக்கு மியூசிக்-எக்ஸ்எம்எல் கோப்பும் இருக்கும். அதை மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, மிக்ஸரில் மற்ற மூன்று குரல்களையும் ஒலியடக்கிவிட்டால் பேஸ் மட்டும் ஒலிக்கும். அதை என் பழைய பதிவோடு அடுத்தடுத்துக் கேட்டேன். ஒப்பிட வேண்டிய இடம் எது என்பது முக்கியம். வரி முடிவுகளில் பேஸ் சோவிலிருந்து டோவுக்கு வருவது ஆயிரக்கணக்கான பாடல்களில் உண்டு; அங்கே பொருந்துவது எதையும் நிறுவாது. ஒத்திகையில் எந்த இடம் கடினமாக இருந்ததோ, எந்தத் தாவலைக் குழு மீண்டும் மீண்டும் பயின்றதோ, அந்த இடம் பொருந்த வேண்டும். ‘இனெஸ்திமாபிலே’ இரண்டாம் முறை உயர்ந்து வரும் நுழைவு என் குழுவில் அத்தகைய இடமாக இருந்தது. அது அப்படியே பொருந்தியது.

பெரிய படைப்புகளில், அதாவது ஒராட்டோரியோ, ரெக்வியம் போன்றவற்றில், ஒரு பகுதியை மட்டும் தேடுபவர்களுக்குக் குரல்வாரிப் பயிற்சிப் பதிவுகளும் பயன்படும். சைபர்பேஸ் என்ற தளம் இத்தகைய படைப்புகளின் ஒவ்வொரு குரலையும் தனியே வாசித்துத் தருகிறது. ஆல்ட்டோ வரி மட்டும் நினைவில் உள்ளவர் முழுக் குழுவின் பதிவுக்குள் தன் வரியைத் தேடிக் களைத்துப் போவதைவிட, ஐயத்திற்குரிய படைப்பின் ஆல்ட்டோப் பதிவுகளை நேரே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஆல்ட்டோவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, ஏனெனில் சொற்களே நினைவில் இல்லாத நிலையில் ஆல்ட்டோ பாடியவருக்குப் பேஸ் பாடியவரை விடத் துன்பம் அதிகம். பேஸ் வரி கோர்டுகளின் போக்கையாவது சொல்லும். ஆல்ட்டோ ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று, அரைச்சுரம் இறங்கி, மீண்டும் ஏறி வரும். ஆயினும் பக்திப் பாடல்களிலும் எளிய ஒத்திசைகளிலும் ஆல்ட்டோ மெட்டுக்கு இணையாக, அதற்குக் கீழே நகரும் இடங்கள் உண்டு. அந்த இடங்களில் ஆல்ட்டோவின் சுர இடைவெளிகள் மெட்டினுடையவை அல்ல என்றாலும், ஏற்ற இறக்கம் மெட்டினுடையதாகவே இருக்கும். அனைவரும் அறிந்த ‘சைலண்ட் நைட்’ பாடலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மெட்டு சோ, லா, சோ, மி என்று தொடங்குகிறது. பரவலாகப் பாடப்படும் நான்குகுரல் அமைப்பில் ஆல்ட்டோ மி, ஃபா, மி, டோ என்று பாடும். சோவிலிருந்து லாவுக்கு இரண்டு அரைச்சுரங்கள். மியிலிருந்து ஃபாவுக்கு ஒன்று. சோவிலிருந்து மிக்கு மூன்று. மியிலிருந்து டோவுக்கு நான்கு. இடைவெளிகளைக் கொண்டு தேடும் தளம் இந்த ஆல்ட்டோவை அறிந்துகொள்ளாது. ஆனால் ஏறியது, இறங்கியது, நின்றது என்பவற்றை மட்டும் குறிக்கும் பார்சன்ஸ் குறியீட்டில் இரண்டும் ஒன்றே. முதல் சுரத்திற்கு விண்மீன் குறி, ஏற்றத்திற்கு u, இறக்கத்திற்கு d, அதே சுரம் திரும்பினால் r என்று எழுதினால், இரண்டு முறை வரும் அந்தத் தொடக்கத் தொடர் மெட்டுக்கும் ஆல்ட்டோவுக்கும் இவ்வாறே அமையும்:

```
*udduudd
```

மியூசிபீடியா போன்ற தளங்கள் இந்தக் குறியீட்டை ஏற்கின்றன. எட்டுச் சுரங்கள் போதா. இத்தகைய குறுகிய வடிவம் பல பாடல்களில் இருக்கும். பதினைந்து சுரங்களுக்கு மேல் எழுத முடிந்தால் பட்டியல் கையாளத்தக்க அளவுக்குக் குறையும். ஆனால் அத்தனை சுரங்களுக்கும் ஆல்ட்டோ மெட்டுக்கு இணையாகவே சென்றிருக்க வேண்டும். வரியின் நடுவில் ஆல்ட்டோ ஒரே சுரத்தில் நின்றுவிட்ட இடம் வந்தால், அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் உள்ளிடுவது நல்லது. நின்ற இடத்தில் மெட்டு நகர்ந்திருக்கும். சந்தம் நினைவில் இருந்தால் அதையும் எழுதிவைக்க வேண்டும். நான்கு குரல்களும் ஒரே அசையை ஒரே நேரத்தில் பாடும் பாடல்களில் ஆல்ட்டோவின் சந்தமே மெட்டின் சந்தம். அசைகளை எண்ணினாலே பாடல் எந்த யாப்பளவில் அமைந்தது என்பது தெரிந்துவிடும். பல பாடல் நூல்களின் பின்பகுதியில் யாப்பளவுப்படி வகுக்கப்பட்ட பட்டியல் இருப்பதால், 8.8.8.8 போன்ற அசைக்கணக்கைக் கொண்டு அங்கே தேடலாம். `hymnary.org` தளத்திலும் அசைக்கணக்கின்படி மெட்டுகளைப் பார்க்க முடியும்.

இந்த வழிகளால் எட்ட முடியாதவையும் உண்டு. மெட்டு பழையதாகவும் ஒத்திசை அமைப்பு புதியதாகவும் இருந்தால், மெட்டைக் கண்டுபிடித்த பிறகும் நாம் பாடிய ஆல்ட்டோ எந்த நூலிலும் கிடைக்காமல் போகலாம். ஒரே பக்திப் பாடலுக்கு வெவ்வேறு பாடல் நூல்கள் வெவ்வேறு கீழ்க்குரல்களைத் தருகின்றன. இசையமைப்பாளர் பாஹ்கூட மத்தேயு பாடுகள் இசையில் கோரல் என்னும் வகைப் பக்திப் பாடல் ஒன்றின் மெட்டை ஐந்து முறை கொண்டுவந்து, கீழ்க்குரல்களைப் பெரும்பாலும் மாற்றி அமைத்திருக்கிறார். அங்கே ஆல்ட்டோவின் நினைவு ஒரு வகையில் மெட்டை விடக் கூடுதலாகச் சொல்லும்: மெட்டு எந்தப் பாடல் என்பதை மட்டும் காட்ட, கீழ்வரி அந்த ஐந்தில் எது என்பதையும் பெரும்பாலும் காட்டும். ஆனால் நடத்துநர் தம் குழுவுக்காகக் கையால் எழுதிய அமைப்பாக இருந்தால், அது அச்சிலும் இல்லை, இணையத்திலும் இல்லை. அந்தக் குழுவின் அலமாரியிலோ அவரிடமோதான் இருக்கும்.

அத்தகைய நிலையில், அதே நிகழ்ச்சியில் வேறு குரல் பாடிய ஒருவரைத் தேடிப் பிடிப்பது மற்ற எல்லாவற்றையும் விட வேகமாகப் பலன் தரும். சொப்ரானோ பாடியவர் கிடைத்தால் மெட்டே கிடைத்துவிடும். டெனரோ ஆல்ட்டோவோ கிடைத்தாலும் போதுமானது. அவரிடம் பாடலின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை, அவருக்கும் மறந்திருக்கும். நம் பதிவை அவருக்கு அனுப்பி, அதைக் கேட்டுக்கொண்டே தம் வரியைப் பாடிப் பதிவு செய்து தருமாறு கேட்கலாம். கீழ்வரி ஒலிக்கும்போது தம் வரியைத் தொடங்க வேண்டிய இடம் அவர்களுக்குத் தானாகவே வந்துவிடுகிறது, ஏனெனில் அந்த வரியைக் கேட்டுத்தான் அவர்கள் நுழையப் பழகியிருந்தார்கள். என் பதிவைக் கேட்ட ஒரு டெனர் நண்பர், நான் ஓய்ந்திருந்த அந்த நடுப்பகுதியைச் சொற்கள் ஏறத்தாழ முழுமையாகப் பாடி அனுப்பினார். அதற்குள் நான் பாடலைக் கண்டுபிடித்துவிட்டிருந்தேன். இல்லாவிட்டால் அவர் பாடிய அந்த நீண்ட சொல் ஒன்றே என்னை நேராக அங்கே கொண்டுசேர்த்திருக்கும்.